மாமனாரைத் தரையிறக்கிய மெத்தை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். தலையில் அடித்துச் சொல்லலாம். மாடிப்படிகளின் எண்ணிக்கையைக்கூட ஒன்று கூட்டவில்லை, ஒன்று குறைக்கவில்லை.

மாப்பிள்ளை லிப்ட் மெக்கானிக். நாலாம் மாடியில் குடியிருந்தான். வீட்டில் படுக்கையறை ஒன்றுதான். முழங்கால் வைத்தியத்துக்காக மாமனார் பத்து நாள் தங்க வருகிறார் என்றதும், கூடத்தில் போட ஒரு காற்று மெத்தை வாங்கி வந்தான். மேலே வெல்வெட் மாதிரி மெத்தென்ற பரப்பு, பக்கவாட்டில் வழுவழுப்பான பிளாஸ்டிக், காற்றடிக்கக் கரண்டில் ஓடும் குட்டி பம்பு. முதல் நாள் ராத்திரி மாமனார் அதில் ஏறிப் படுத்தபோது யானைமேல் உட்கார்ந்த களை அவர் முகத்தில் இருந்தது.

விடிந்தபோது அவர் இடுப்பு தரையில் இருந்தது. மெத்தை இரண்டு பக்கமும் எழும்பி அவரை மூடியிருந்தது, தபாலில் சேர்க்க ஒட்டி வைத்த உறை மாதிரி. மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்து வெளியே எடுத்தார்கள். புது மெத்தை முதலில் கொஞ்சம் விரியும், அதனால் தளரும் என்று பெட்டியில் போட்டிருப்பதை மாப்பிள்ளை படித்துக் காட்டினான். மாமனார் கேட்டுக்கொண்டார். இரண்டாம் நாளும் தரை. மூன்றாம் நாளும் தரை.

மூன்றாம் நாள் இன்னொன்றும் நடந்தது. மூடி சரியாக இருக்கிறதா என்று விடியற்காலையில் மாப்பிள்ளை குனிந்து வால்வைத் தொட்டுப் பார்த்த நேரம், மாமனார் கண் விழித்தார். மூடியும் கையுமாக மாப்பிள்ளையைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் டயர் கடை வைத்திருந்தவர். ராத்திரியில் காற்றைப் பிடுங்கிவிட்டுக் காலையில் வந்து பஞ்சர் என்று சொல்லும் ஆட்களை அவர் பார்த்திருக்கிறார்.

பல் தேய்த்துவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

"மாப்ள, என்னைப் போகச் சொல்லணும்னா வாயால சொல்லலாம். காத்தப் புடுங்கிச் சொல்ல வேண்டியதில்ல."

தான் தொடவே இல்லை என்று மாப்பிள்ளை சொன்னான். தொட்டதைத்தான் பார்த்தேனே என்றார் மாமனார். ஓட்டை இருந்தால் காட்டும்படியும், இல்லையென்றால் மறுநாள் காலை பஸ்ஸில் தானும் தன் மகளும் ஊருக்குக் கிளம்புவதாகவும் அறிவித்தார். மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே பரணிலிருந்து துணிப்பெட்டியைக் கீழே இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஓட்டை இருந்தா பெட்டி மேல போகும். இல்லேன்னா பஸ்ல போகும்" என்றாள். "அப்பாவும் பாவம், நீங்களும் பாவம். மெத்தையே சொல்லட்டும்."

அன்று ஞாயிற்றுக்கிழமை. டியூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை தானாகக் குமிழி விடும் என்பது மாமனாரின் முப்பத்தெட்டு வருஷத்துச் சாஸ்திரம். மெத்தையைக் காற்றை எடுக்காமலே குளியலறைக்குள் கொண்டுபோகச் சொன்னார். மாப்பிள்ளை வெளியிலிருந்து தள்ள, மாமனார் உள்ளிருந்து இழுத்தார். பாதி போனதும் கதவுச் சட்டத்தில் மெத்தை இறுகிக்கொண்டது. மாமனார் உள்ளே நாற்பது நிமிஷம் இருந்தார். அவருக்குக் காபியை ஜன்னல் வழியாக ஒரு குழாயில் ஊற்றி அனுப்பினார்கள். காற்றைக் கொஞ்சம் திறந்துவிட்டால் வந்துவிடும் என்று மாப்பிள்ளை வால்வில் கை வைத்தான்.

"தொட்ட பாரு" என்றார் மாமனார், உள்ளேயிருந்து.

கடைசியில் மகள்தான் திறந்துவிட்டாள்.

அதன் பிறகு மாப்பிள்ளையின் முறை. மெத்தையை வீட்டு வாசலுக்கு வெளியே, வெளிச்சமான மாடி நடைபாதையில் போட்டு மறுபடி விறைப்பாகக் காற்றடித்தான். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வாளித் தண்ணீரில் கலந்து, பஞ்சால் தொட்டுத் தடவினான். காற்று வரும் இடத்தில் நுரை நிற்காமல் வளர வேண்டும். முதலில் வால்வு: அசைவில்லை. ஒட்டு ஓரங்கள்: அசைவில்லை. மேல் பரப்பில் தடவியபோது வெல்வெட் முழுக்க நுரை பூத்தது. எது ஓட்டையின் நுரை, எது சோப்பின் நுரை என்று கடவுளுக்கே தெரியாது. அதைத் துடைத்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டான். எங்கும் சத்தமில்லை. உள்ளே பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம்தான் கேட்டது.

ஆள் படுத்தால்தானே காற்று போகிறது, அப்படியென்றால் பாரத்தோடுதானே பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"மாமா, கொஞ்சம் மேல ஒக்காருங்க."

மாமனார் உட்கார்ந்தார். நடைபாதை, கழுவிவிட்ட தண்ணீர் ஓட வசதியாகப் படிக்கட்டுப் பக்கம் சரிவாகக் கட்டப்பட்டது. தரையெல்லாம் சோப்பு. மெத்தை ஒரு தடவை யோசித்தது, பிறகு கிளம்பியது. மாமனார் நாலாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கும், அங்கிருந்து இரண்டாம் மாடிக்கும் உட்கார்ந்தபடியே இறங்கினார். முப்பத்தாறு படி. ரொம்ப நாள் வண்டி ஓட்டியவர் என்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் கையைக் காட்டினார்.

இரண்டாம் மாடியில் ஒரு டீச்சரின் கதவில் மோதி மெத்தை நின்றது. டீச்சர் கதவைத் திறந்து, என்ன விஷயம் என்று கேட்டார்.

"காத்து எங்க போகுதுன்னு பாத்துட்டிருக்கோம்" என்றார் மாமனார்.

அப்படியா, சரி என்று டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்தபோது மாமனார் தன் இடது குதிகாலுக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தையின் பக்கவாட்டில், வழுவழுப்பான இடத்தில், கடுகளவு நுரை. அவர் பாரத்தை அழுத்தினால் மிளகாகிறது, தளர்த்தினால் மறுபடி கடுகாகிறது. அப்படியே பத்துத் தடவை செய்து பார்த்தார்.

"வேணும்னு பண்றவன் இவ்ளோ சின்னதா பண்ண மாட்டான்" என்றார். தொழில் தெரிந்தவரின் தீர்ப்பு. மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இந்த இடத்தில் அவன் மெத்தையை வாங்கிக்கொண்டு மேலே போயிருக்க வேண்டும். சந்தோஷத்தில் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான். ஒட்டுப்போடுமுன் ரப்பரைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குவது டயர் கடைப் பழக்கம். வேட்டி மடிப்பிலிருந்து சின்ன அரத்தை எடுத்த மாமனார், கை தன் போக்கில் போக, நாலு இழுப்பு இழுத்தார். டியூபின் தடிமன் இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஏது? ஒரு கடுகு இருந்த இடத்தில் ஐந்து மிளகு பொங்கியது. மெத்தை அவரோடு மெதுவாக இறங்கி, டீச்சர் வீட்டு வாசலில் தரை தட்டியது.

மாமனார் அரத்தைத் திரும்ப வேட்டி மடிப்பில் செருகினார்.

"இது நான் வர்றப்பவே இருந்திருக்கும்" என்றார் மாமனார்.

"இருந்திருக்கும் மாமா" என்றான் மாப்பிள்ளை.

அந்த ஒரு சொல்லில் மாமனார் கரைந்துவிட்டார். டியூப் ஒட்ட மடியில் வைத்திருந்த ரப்பர் சொல்யூஷனை எடுத்தவர், அதையும் தானே திரும்ப மடிக்குள் செருகிக்கொண்டார். அது இந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது என்று மாப்பிள்ளை சொன்னதற்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. மேலே வந்து காற்றை முழுதும் எடுத்து, ஓட்டைப் பக்கத்தை மேசைமேல் மடிப்பில்லாமல் பரப்பினார்கள். சோப்பைக் கழுவி, துடைத்து, ஸ்பிரிட்டால் சுத்தம் செய்து காயவிட்டார்கள். மெத்தையோடு பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டில், ஐந்து ஓட்டைக்கும் போதும்படி ஒரு வட்டம் வெட்டினான் மாப்பிள்ளை. மூலை இருந்தால் உரியும் என்று மாமனார் தலையாட்டினார். அதே பெட்டியில் இருந்த பசையைத் தடவி, ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்து, மேலே லிப்ட் சாமான் பெட்டியைப் பாரம் வைத்தார்கள். அது காய்ந்து முடியும்வரை யாரும் தொடக் கூடாது என்று, அன்றைக்கு மாமனார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக் காவல் காத்தார்.

மறுநாள் படுத்தார். அதற்கு மறுநாள் விடிந்தபோது மெத்தை படுத்த உயரத்திலேயே இருந்தது. இறங்கத்தான் ஏணி தேவைப்பட்டது. பெட்டி பரணுக்குப் போனது. வந்தவர் போனவர் எல்லாரிடமும், டீச்சரிடமும், இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க என் மகள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மாமனார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த மாமனாருக்கு மொத்தமே இரண்டு பிள்ளைகள். இரண்டும் ஆண். ஆரம்பத்தில் சொன்ன சத்தியத்தில் இதுவும் சேர்த்தி.