பதினொன்றாவது வாக்கியம்

மார்ச் 12, புதன். இன்று ஒரு பிழை செய்தேன். சிறியதுதான். அண்ணனின் கடிதத்தில் பத்தொன்பது வாக்கியங்கள். என் தமிழில் பதினெட்டு. பதினொன்றாவதை விட்டுவிட்டேன். மறதியால் என்று எழுதினால் அது இன்னொரு பிழையாகிவிடும்.

இவ்வளவும் எழுதியபிறகு அவள் பேனாவை மூடி வைத்தாள். நோட்டின் முதல் பாதியில் மாலை வகுப்புக் குறிப்புகள், பின் பாதியில் இதுபோன்ற ஒப்புதல்கள். மொழிபெயர்ப்பு வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வாக்கியங்களுக்கு எண் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்வது அவள் வழக்கம். எண் போட்டால் எதுவும் தவறாது என்று நம்பியிருந்தாள். தவறவிட நினைக்கிறவளுக்கு எண் என்ன செய்யும்? பன்னிரண்டைப் பதினொன்று என்று மாற்றிப் போட்டாள், அவ்வளவுதான்.

அண்ணன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அவன் மகளுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. அப்பாவும் அம்மாவும் அந்தக் குழந்தையைத் தொலைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார்கள். குழந்தை பிறந்தபோது விசா கேட்டார்கள், கிடைக்கவில்லை. 'திரும்பிச் செல்வதற்குப் போதுமான காரணம் காட்டப்படவில்லை' என்று ஒரு தாள் வந்தது. அந்தத் தாளை அம்மா பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். தூக்கி எறியவும் மனம் வரவில்லை, கண்ணில் படவும் பிடிக்கவில்லை.

இப்போது இரண்டாம் முயற்சி. ஜூன் முதல் ஆகஸ்ட் கடைசி வரை மூன்று மாதம். அழைப்புக் கடிதத்தை அண்ணன் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சம்பளச் சீட்டும் வீட்டு வாடகை ஒப்பந்தமும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தான். விண்ணப்பத்தை நிரப்பித் தருகிற டிராவல்ஸ்காரர் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "சார், ஆபீசர் முன்னாடி நிக்கும்போது லெட்டர்ல என்ன இருக்குன்னு உங்க ரெண்டு பேருக்கும் மனப்பாடமா தெரிஞ்சிருக்கணும். நீங்க ஒண்ணு சொல்லி, பையன் ஒண்ணு எழுதி, ஃபாரம் ஒண்ணு சொல்லிச்சுன்னா, கதை முடிஞ்சுது." ஆங்கிலப் பிரதிதான் விண்ணப்பத்தோடு போகும். தமிழ் வீட்டுக்கு மட்டும். அந்த வேலை இயல்பாகவே அவள் தலையில் விழுந்தது.

முதல் பத்து வாக்கியங்கள் சிரமமில்லாமல் வந்தன. யார், யாருக்கு என்ன உறவு, பிறந்த தேதி, எந்த முகவரியில் தங்குவார்கள், பயணச் செலவும் மருத்துவக் காப்பீடும் யாருடைய பொறுப்பு. பதினொன்றாவதில் கை நின்றது.

'திருமணமாகாத என் தங்கை, சொந்த வருமானம் இன்றி, எல்லாவற்றுக்கும் என் பெற்றோரையே நம்பி அவர்களுடன் வாழ்வதால், அவர்கள் குறித்த நாளில் கட்டாயம் திரும்பிவிடுவார்கள்.'

மூன்று ஆண்டுகளாக அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போன வாரம் வேறொரு ஊரில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும். அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று இருந்தாள். நல்ல நேரம் வந்தபாடில்லை.

பயம் அந்த வாக்கியம் பொய் என்பதால் வந்ததல்ல. அப்பாவை அவளுக்குத் தெரியும். பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் நேரக்காப்பாளராக இருந்தவர். தாளில் ஏழு பத்து என்று இருந்தால் வண்டி ஏழு பத்துக்குத்தான் கிளம்ப வேண்டும். தாளும் நடப்பும் ஒத்துவராவிட்டால் தாளைத் திருத்த மாட்டார், நடப்பைத் திருத்துவார். கடிதத்தில் அவள் வேலையில்லாதவள் என்று இருந்தால், வேலையை விட்டுவிடச் சொல்வார். கோபமாகக்கூடச் சொல்ல மாட்டார். அதுதான் கஷ்டம்.

மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்தவள் சாப்பாட்டு மேசையில் அப்பாவைக் கண்டாள். இரண்டு தாள்களையும் அருகருகே பரப்பி, கூராகச் சீவிய பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் அம்மாவின் தையல் வகுப்பு. ஆறு பெண்கள், நான்கு மிஷின்கள், ஒரே சமயத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, இங்க வா. ஒண்ணு குறையுது."

"என்னப்பா?"

"புள்ளி. இங்கிலீஷ்ல பத்தொம்பது இருக்கு. உன்னுதுல பதினெட்டு."

"இனிஷியலுக்கு வைக்கிற புள்ளியையும் எண்ணியிருப்பீங்க."

"அதெல்லாம் கழிச்சாச்சு. முப்பது வருஷம் ட்ரிப் ஷீட் எண்ணுனவன்மா நான். எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு சொல்லு, எண்ண வராதுன்னு சொல்லாத." பென்சில் முனை மூன்றாம் பத்தியில் வந்து நின்றது. "இங்கதான் எங்கயோ. இதுல சிஸ்டர்னு இருக்கு. உன்னுதுல தங்கச்சியே இல்ல."

அவளுக்குக் காது சுட்டது. தாளை வாங்கி, நின்றபடியே அந்த வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வகுப்பில் இப்படிச் செய்திருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

அப்பா தமிழ்த் தாளில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"சரி, இத ஏன் விட்ட?"

"பொய்ப்பா அது. நான் வேலைக்குப் போறேன். ஃபாரத்துல பிள்ளைங்க என்ன வேலை, எங்க இருக்காங்கன்னு கேப்பாங்க. நாளைக்கு டிராவல்ஸ்காரர் கேட்டா நீங்க இன்சூரன்ஸ் ஆபீஸ்னு சொல்லுவீங்க. லெட்டர் வருமானம் இல்லைன்னு சொல்லும்."

"அப்ப விட்டது ரொம்பத் தப்பு. நீ தமிழ்ல விட்டாலும் ஆபீசர் இங்கிலீஷ்லதானே படிக்கப் போறான்?"

அது சரிதான். ராத்திரி முழுக்க அவளைக் குடைந்ததும் அதுதான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் மறைத்த வாக்கியம், அவர்கள் இருவரையும் ஆபீசர் முன்னால் மாட்டிவிட்டிருக்கும்.

அப்பா பென்சிலைக் கீழே வைத்தார். "அண்ணன் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டான். ஒண்ணு செய்யலாம். நீ ஒரு மூணு நாலு மாசம் வேலைய விட்டுட்டு வீட்ல இரேன். நாங்க வந்தப்புறம் வேற பாத்துக்கலாம். லெட்டரும் சரியா போயிடும், வீட்டுக்கும் ஆள் ஆச்சு."

பயந்தது அப்படியே நடந்தது. குரலில்கூட வித்தியாசமில்லை.

"முடியாதுப்பா. எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணாம் தேதி சேரணும்."

உள்ளறையில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கழுத்தில் அளவு நாடாவோடு அம்மா வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஆறு பெண்களும் தைப்பதுபோல் குனிந்திருந்தார்கள், காதுகள் மட்டும் இந்தப் பக்கம்.

"எப்ப கிடைச்சுது?"

"போன வாரம்மா."

"ஒரு வாரமா சோத்துல கை வெச்சு, மூஞ்சியப் பாத்துப் பேசியும் வாயத் திறக்கல. நல்லா இருக்குடி."

"பேத்தியப் பாக்க விடாம நானே குறுக்க நிக்கிறனோன்னு..."

"நீ ஏண்டி குறுக்க நிக்கிற? உன்ன இழுத்துக் குறுக்க நிறுத்தினது அவன்." அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "ஏங்க, நாம ஏன் திரும்பி வருவோம்னு அவன் நம்மள ஒரு வார்த்தை கேட்டானா?"

அப்பா யோசித்துவிட்டு, "கேக்கல" என்றார்.

"ஃபோனைப் போடுடி."

அண்ணனுக்கு அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. பல் துலக்கியபடியே பேசினான்.

"என்ன டிக்‌ஷனரி, இவ்ளோ காலைல? தமிழ் முடிச்சிட்டியா?"

"பதினொன்னாவது வரிய மாத்தணும். அது பொய்."

"ஏய், என் ஃப்ரெண்டு அதே லெட்டர்லதான் அவன் அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்தான். பேரை மட்டும்தான் மாத்தினேன். போன தடவை திரும்பி வர காரணம் இல்லைன்னுதானே தட்டிவிட்டாங்க? அதுக்குத்தான் ஒரு காரணம் போட்டேன்."

"நான் வேலைக்குப் போறது உனக்குத் தெரியாதா?"

"அது என்ன, டைப்படிக்கிற வேலை..." என்று தொடங்கியவன், ஒலிபெருக்கியில் அம்மாவின் மூச்சைக் கேட்டானோ என்னவோ, நிறுத்திக்கொண்டான்.

"டேய்," என்றாள் அம்மா. "வாயக் கொப்பளிச்சிட்டு வந்து உக்காரு. நான் சொல்றத எழுது. செப்டம்பர்ல என் பொண்ணுங்களுக்குத் தையல் பரீட்சை. ஆறு பேருக்கும் பேர் குடுத்தாச்சு, நான்தான் கூட்டிட்டுப் போகணும். உன் வீட்ல எனக்கு அரண்மனையே கட்டி வெச்சிருந்தாலும் ஆகஸ்ட் முடிஞ்சா நான் கிளம்பிடுவேன். எழுதிட்டியா?"

"அம்மா, இதெல்லாம் எழுதுவாங்களா?"

"ஏன் எழுதமாட்டாங்க? வேலைதானே? பரீட்சைக்குப் பதிவு பண்ணின தாள் இருக்கு, என் பேர் போட்டு. அதையும் சேர்த்து வைப்போம்."

உள்ளறையில் யாரோ கைதட்டினார்கள். உடனே யாரோ அதட்டினார்கள்.

"நான் எதுக்குத் திரும்பி வரணும்?" என்று அப்பா கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

"நவம்பர்ல பென்ஷன் ஆபீஸ்ல நேர்ல போய் உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடணுமே. வீடும் உங்க பேர்லதான் இருக்கு" என்றாள் அவள்.

"ஆமால்ல." அவர் முகம் தெளிந்தது. ஒரு தாளை எடுத்து, தேதிவாரியாக எழுதத் தொடங்கினார்.

பதினொன்றாவதன் இடத்தில் மூன்று வாக்கியங்கள் வந்தன. அம்மா சொன்னதை அவள் ஆங்கிலமாக்கினாள். 'அரண்மனை'யையும் சேர்க்க வேண்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று முடிவாயிற்று. தங்கை காப்பீட்டு அலுவலகத்தில் பணிபுரிகிறாள், ஏப்ரல் முதல் வேறு ஊரில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்கிறாள் என்று ஒரு வாக்கியம் தனியாகச் சேர்ந்தது. முந்தைய விண்ணப்பம் மறுக்கப்பட்டதை விண்ணப்பத்தில் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று அப்பா தாமாகவே சொன்னார்.

"இந்த மாதிரி கிடைக்குமா?" என்று அண்ணன் கேட்டான். குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "ரெண்டாவது தடவையும் மாட்டேன்னா, அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

குழந்தை எங்கோ பின்னால் எழுந்து அழும் சத்தம் கேட்டது. அம்மா தொலைபேசியை நெருங்கிக் குனிந்தாள்.

"எழுந்துட்டாளா? போ, தூக்கு போ. கையெழுத்துப் போட்டு நாளைக்குள்ள அனுப்பு."

வகுப்புப் பெண்கள் போனபிறகு அம்மா அளவு நாடாவைச் சுருட்டியபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்த ஊர்ல எங்க தங்குவ?"

"ஹாஸ்டல் பாத்து வெச்சிருக்கேன்."

"அதையும் நீ இப்பதான் சொல்ற." கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை. "போறதுக்குள்ள ரெண்டு சுடிதார் தைக்கணும். நாளைக்கு அளவு குடு."

அப்பா தம் தேதித் தாளைப் பார்த்தபடி, "ஒண்ணாம் தேதின்னா முந்தின நாளே ரயில் ஏறணும்" என்றார். அவர் சம்மதம் அப்படித்தான் வரும்.

அவள் தன் அறைக்குப் போய் நோட்டைத் திறந்தாள். அம்மாவின் காரணம் ஆபீசருக்குப் போதுமா என்று யோசித்தாள். போதும் என்று எழுத அவளுக்குத் தைரியம் இல்லை. போதாது என்று எழுதவும் ஆதாரம் இல்லை. அதனால் இரண்டையும் எழுதவில்லை.

மார்ச் 13, வியாழன். நாளை: அண்ணனின் புதுக் கடிதம் வந்ததும் இரண்டு பிரதி அச்செடுக்க வேண்டும். முழுவதையும் தமிழில் எழுதி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாகப் படித்துக் காட்ட வேண்டும். தையல் பரீட்சைப் பதிவுத் தாளுக்கு நகல். ஐந்து மணிக்கு அப்பாவுடன் டிராவல்ஸ்.