ரொக்கத்துக்கு நாலு குறைவு

மளிகைக் கடைக்காரருக்கு அன்று காலை தலைகால் புரியாத சந்தோஷம். வாசலில் அவரே எழுதி மாட்டிய பலகை: ‘ரொக்கம் கொடுத்தால் நூற்றுக்கு நாலு குறைவு. மாதக் கணக்குக்குப் பழைய விலையே.’

யோசனை என்னவோ மனைவியுடையதுதான். தெருமுனையில் பெரிய கடை திறந்ததும் ரொக்கக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கணக்குக்காரர்கள் மட்டும் மிஞ்சினால் கடை தாங்குமா? மொத்த வியாபாரிக்கு வாராவாரம் பணம் வைத்தாக வேண்டும். இவர்கள் தருவதோ அடுத்த மாதம் சம்பளம் வந்த பிறகு. அதுவரை வட்டிக்கு வாங்கித்தான் ஓட்ட வேண்டும். போதாக்குறைக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாற்றிக்கொண்டு போகிற புண்ணியவான்கள் வேறு. இதையெல்லாம் சரிக்கட்டத்தான் அரிசி முதல் எண்ணெய் வரை எல்லாச் சாமான் விலையிலும் ஆரம்பத்திலிருந்தே நூற்றுக்கு நாலு ஏற்றியிருந்தார்.

முதலில் வந்தது அவருடைய அக்கா. இரண்டு தெரு தள்ளி, தையல் மிஷினே கதி என்று பிள்ளைகளை வளர்க்கிறவள். புருஷன் போன பிறகும் தம்பியிடம் ஒருநாள்கூடக் கடன் சொன்னதில்லை. சொந்தம் என்பதற்காக அவன் நஷ்டப்படக் கூடாதாம்.

“பாருக்கா! இனிமே உனக்கு விலை கம்மி!”

அக்கா பலகையை இரண்டு தடவை படித்தாள். “இந்த நாலு எதுக்குடா?”

“கடன் கொடுக்கிற செலவுக்குத்தான், அக்கா. வட்டி, வராத பாக்கி... விலையிலேயே சேர்த்து வச்சிருந்தேன். ரொக்கம் கொடுக்கிறவங்க தலையில அது எதுக்குன்னு எடுத்துட்டேன்.”

“நேத்து வரைக்கும்?”

கடைக்காரர் பலகையை நிமிர்ந்து பார்த்தார்.

“சொல்லுடா. நான் கொடுத்த காசுல அந்த நாலு இருந்துதா, இல்லையா?”

“எல்லாருக்கும் ஒரே விலைதானேக்கா...”

அட, மடையா! தராசடியில் நின்ற மனைவிக்கே தூக்கிவாரிப்போட்டது. கணக்கில் மூட்டை மூட்டையாக எடுத்துக் காரில் ஏற்றிப் போனவர்களின் வட்டியை, கூடப்பிறந்தவள் அல்லவா கட்டியிருக்கிறாள்! மாசக் கடைசியில் கையிலிருந்த சில்லறையை எண்ணிவிட்டு, “எண்ணெய் வேணாம், எடுத்துடு” என்று எத்தனை தடவை திருப்பித் தந்திருக்கிறாள்! அவரும் எடுத்து உள்ளே வைத்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது இது அவர் மண்டையில் ஏறியதில்லை. ஏமாற்ற நினைத்ததே இல்லை.

“அக்கா, அதையெல்லாம் திருப்பிக் கொடுத்துடறேன்...”

“எதைக் கொடுப்பே? பிள்ளைங்க சாப்பிடாத சாப்பாட்டையா?”

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. பையைக் கடை மேசைமேல் வைத்து, வேண்டியதையெல்லாம் நிதானமாகச் சொன்னாள். எண்ணெயும் சேர்த்துத்தான். மனைவி மறுபேச்சு பேசாமல் எடுத்துக் கட்டினாள். கடைக்காரர் ரொக்க விலையில் கூட்ட ஆரம்பித்தார்.

“கூட்டாதே. கணக்குல எழுது.”

“அக்கா?”

“அடுத்த மாசம் தரேன். எல்லாரும் அப்படித்தானே தராங்க?”

“சரிக்கா... என்ன விலை போடட்டும்?”

“இத்தனை வருஷமா எனக்கு என்ன விலை போட்டியோ, அதையே போடு.”