இரண்டாவது ஸ்டிக்கர்

என் கணவருக்கு அந்த இதய டாக்டர் கடவுள். எனக்கோ அந்த ஆளின் பெயரைக் கேட்டாலே பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றும். ஒரே வீட்டில் ஒன்றரை வருடம் இப்படித்தான் ஓடியது.

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர் என் கணவர். ஒரு மதியம் நெஞ்சு எரிகிறதென்று அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அரை மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்து, "தொண்ணூறு சதவீதம் அடைப்பு. ரெண்டு ஸ்டென்ட் வைக்கணும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா நான் பொறுப்பில்ல" என்றார். ரத்தக் குழாயை விரித்துப் பிடிக்கும் கம்பிக் குழலுக்கு ஸ்டென்ட் என்று பெயர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

உயிர் பிழைத்தார். ஆனால் டிப்போவில் ஸ்டீயரிங்கைப் பிடுங்கிவிட்டார்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் பயணிகளை ஏற்றிக்கொண்டு போகக்கூடாது என்பது அவர்கள் விதி. கேட்டில் உட்கார்ந்து உள்ளே வரும் வண்டி நம்பரை எழுதும் வேலை கொடுத்தார்கள். நேற்று வரை தன்னை "அண்ணே" என்று கூப்பிட்ட சின்னப் பையன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "உயிர் இருக்குல்ல, அது போதும்" என்பார். நான் அப்படிச் சொல்கிற ஜாதி இல்லை.

எனக்கு ஒரு தொழிற்சாலையின் உதிரி பாகக் கிடங்கில் வேலை. ஒரு போல்ட் வெளியே போனாலும் எந்தப் பெட்டி, எந்த நம்பர், யார் வாங்கினார் என்று எழுதிப் பழகிய கை இது. மருத்துவமனை கொடுத்த பில்லோ ஒரே பக்கம். விவரமான பில் கேட்டேன். மூன்று முறை அலையவிட்டு, கடைசியில் இருபத்திரண்டு பக்கம் கொடுத்தார்கள். மூன்று நாளில் நூற்று நாற்பது ஜோடி கையுறை. அத்தனை கை அந்த வார்டிலேயே இல்லை. அவர் பட்டினி கிடந்த நாளுக்கும் உணவு ஆலோசனைக் கட்டணம். அதற்கு மேலே, ஸ்டென்ட் இரண்டு.

சிகிச்சை ஆவணங்களின் நகல் வேண்டுமென்று அவரிடம் கையெழுத்து வாங்கி, கீழ்த்தளத்து ஆவணப் பிரிவில் மனு கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டேன். பக்கத்துக்குப் பக்கம் முத்திரையோடு நகலும், ரத்தக் குழாய்ப் படம் பதிந்த குறுந்தகடும் வந்தன. ஸ்டென்ட் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எதை உள்ளே வைத்தார்களோ அதன் ஸ்டிக்கரை நோயாளியின் கோப்பில் ஒட்ட வேண்டும். இவர் கோப்பில் ஒரே ஒரு ஸ்டிக்கர்தான் இருந்தது.

குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா படத்தை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"அடைப்பு நாப்பது சதவீதம்தான் இருக்கும். மாத்திரையிலயே சமாளிச்சிருக்கலாம்" என்றார்.

"அப்ப அந்த ஒண்ணும்..."

"என் கணக்குல தேவையில்ல. ஆனா எழுதித் தர மாட்டேன்மா. மருத்துவ கவுன்சில்ல புகார் கொடுங்க. அவங்க நிபுணர் குழு வெச்சுப் பார்ப்பாங்க. இந்தத் தகட்டை மட்டும் யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க, காப்பி போட்டுக் கொடுங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் மூச்சு விடவில்லை. கடவுள் கன்னம் வைத்த திருடன் என்று எப்படிச் சொல்வது?

முதலில் பில் விஷயம். மருத்துவமனைகளுக்கு உரிமம் தரும் சுகாதாரத் துறை அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். அங்கிருந்த குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: "பில்லு, உரிமம், ஆஸ்பத்திரி மேல நடவடிக்கை, இதெல்லாம் இங்க. டாக்டர் தேவையில்லாம வைத்தியம் பண்ணினாருன்னா மருத்துவ கவுன்சில். நஷ்டஈடு வேணும்னா நுகர்வோர் ஆணையம். மூணையும் ஒரே மனுவுல போட்டுக் குழப்பாதீங்க."

மனுவைத் திரும்ப வாங்கி மாற்றி எழுதினேன். ஒரே குற்றச்சாட்டு: இரண்டுக்குக் காசு, வைத்தது ஒன்று. நகல் என் கையில் இருப்பதைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. வேண்டுமென்றேதான்.

பத்தாம் நாள் மருத்துவமனை மேனேஜர் வீடு தேடி வந்தார். "டைப்பிங் தப்புங்க. ஒரு ஸ்டென்ட் காசைத் திருப்பித் தர்றோம். எந்தப் புகாரும் இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்து" என்று காகிதத்தை நீட்டினார். கணவர் பேனாவைக் கையில் எடுத்தேவிட்டார். நான் வாங்கி மூடி போட்டு வைத்தேன். "டைப்பிங் தப்புன்னா அதை அந்த ஆபீஸ்ல வந்து சொல்லுங்க" என்றேன்.

"எதுக்கும்மா வம்பு? உசுரக் காப்பாத்தினவரு" என்றார் அவர், மேனேஜர் போன பிறகு.

விசாரணை நாளில் டாக்டரே வந்திருந்தார். என் கணவரின் தோளைத் தட்டி, "எப்படி இருக்கீங்க டிரைவர் சார்?" என்றார். இவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

டைப்பிங் தப்பு என்ற பேச்சே இப்போது இல்லை. மேனேஜர் அசல் கோப்பை அதிகாரி முன்னால் வைத்தார். "ரெண்டும் வெச்சிருக்கோம் சார். ரெண்டு ஸ்டிக்கரும் இருக்கு."

நான் என் பையிலிருந்து முத்திரையிட்ட நகலை எடுத்து அதே பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். மருத்துவமனையின் மேல்தள நிர்வாகம், கீழ்த்தள ஆவணப் பிரிவு எனக்கு என்ன கொடுத்தது என்று விசாரிக்கவே இல்லை. அதிகாரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், அந்த ரெண்டாவது ஸ்டிக்கர்ல தயாரிப்புத் தேதி பாருங்க" என்றேன்.

ஆபரேஷன் நடந்து ஐந்து மாதம் கழித்துத் தயாரான ஸ்டென்ட் அது. என் கிடங்கில் முதல் வாரம் சேர்ந்த ஆள் கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான். டாக்டரின் முகம் வெளுத்துப் போவதை ஆற அமரப் பார்த்தேன். ஒன்றரை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நிம்மதி அதுதான். பணத்தைத் திருப்பித் தரவும், மருத்துவமனைக்கு அபராதமும், உரிமத்தின் மேல் நடவடிக்கைக்கு நோட்டீசும் உத்தரவானது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். நான்கு பஸ் போயிற்று. அவர் ஏறவில்லை.

"ரெண்டாவது பொய்னா, முதலாவது?" என்றார்.

சொல்லிவிட்டேன். நாற்பது சதவீதம், மாத்திரை, மருத்துவ கவுன்சில், எல்லாவற்றையும். அழுவார் என்று நினைத்தேன். கையை நீட்டி, "அந்தக் கவுன்சில் மனு எங்க? நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

கவுன்சிலில் பதினோரு மாதம் இழுத்தது. நிபுணர் குழு படத்தைப் பார்த்து, ஸ்டென்ட் தேவையில்லை, அடைப்பைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார், கோப்பைத் திருத்தியிருக்கிறார் என்று எழுதியது. வைத்தியம் பார்க்க டாக்டருக்கு இருந்த பதிவு ஆறு மாதம் நிறுத்தம். உத்தரவைப் படித்தபோது என் வயிறு குளிர்ந்தது. மறைக்க மாட்டேன்.

என் கணவர் மட்டும் எழுந்து, குழுவிலிருந்த மூத்த டாக்டரிடம் கேட்டார்: "ஐயா, தேவையில்லைன்னு சொல்லிட்டீங்க. எனக்குள்ள இருக்கறத எப்ப எடுப்பீங்க?"

"அதை எடுக்க முடியாதுங்க" என்றார் அவர், தலை நிமிராமல். "சதை மூடியிருக்கும். கடைசி வரைக்கும் உள்ளதான் இருக்கும்."

எதிர் நாற்காலியில் இருந்த அந்த இதய டாக்டர் கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் அவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல், "உங்களுக்கு ஆறு மாசம்" என்றார்.

மோசடி தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்பதால், நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இன்னும் கெடு இருந்தது. அன்றைக்கே அந்தக் கட்டிடத்தின் வராந்தாவில் உட்கார்ந்து மனுவை எழுத ஆரம்பித்தேன். மருத்துவச் செலவு, மன உளைச்சல் என்று நான் எழுதிக்கொண்டே போக, "போதும்" என்று எப்போதும் சொல்கிறவர் காகிதத்தில் விரலை வைத்தார்.

"ஓட்டறதுக்கு எனக்கு இன்னும் எட்டு வருஷம் சர்வீஸ் இருந்துச்சு. அதையும் எழுது."