லிஃப்டில் சிக்கிய டெண்டர்

காப்பீட்டுத் தரகர் தேவை என்று கொள்முதல் மேலாளர் அனுப்பிய ஆவணத்தில், பழைய லிஃப்ட் பராமரிப்பு டெண்டரின் ஒரு வரி ஒட்டிக்கொண்டு போயிருந்தது: "லிஃப்டில் சிக்கியவரை அரை மணி நேரத்தில் மீட்க வேண்டும்."

கெடு முடிந்து பதில்களைப் பிரித்தபோதுதான் அது அவர் கண்ணில் பட்டது. நான்கு தரகர்கள் அதற்கும் "முழுச் சம்மதம்" என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாவது தரகரான பெண்மணி மட்டும், "இது தரகர் வேலை இல்லை, தவறி வந்ததா?" என்று கேட்டிருந்தார்.

"மானம் போச்சு சார்!" என்று நிதி அதிகாரியிடம் தலையில் அடித்துக்கொண்டார் மேலாளர்.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். "பாலிசியை வரிவிடாமப் படிக்கிற திறமைக்கு நாப்பது மார்க்னு டெண்டர்ல நீங்கதானே போட்டீங்க? அந்தம்மாவுக்குத் தாராளமாக் குடுங்க."

"மத்த நாலு பேரு?"

"நம்பரைப் பத்திரமா வச்சுக்குங்க. லிஃப்ட்ல மாட்டினா கூப்பிடலாம்."