பெரிய வாளி

நானும் என் வீட்டுக்காரரும் ஊரார் வீட்டுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பவர்கள். சொந்தக் கூடத்துச் சுவரின் நிறத்தில்தான் ஒத்துப்போகவில்லை.

நான் கலந்தது இரண்டு லிட்டர். அதில் ஒரு லிட்டர் நீலம், மீதி வெள்ளை. அவர் கலந்தது பத்து லிட்டர். அதில் மூன்றுதான் நீலம்.

"எதுக்குச் சண்டை? ரெண்டையும் ஒண்ணா ஊத்திடலாம், நடுவுல வந்து நிக்கும்," என்றார். தலையாட்டித் தொலைத்தேன்.

நீலமும் நீலமும் சேர்ந்து நான்கு. மொத்தமும் மொத்தமும் சேர்ந்து பன்னிரண்டு. இரண்டில் ஒன்றுக்கும் பத்தில் மூன்றுக்கும் இடையே, மூன்றில் ஒன்று. அவர் சொன்னது பொய்யில்லை.

சுவர் காய்ந்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நடுவுலதாங்க இருக்கு. ஆனா உங்களை ஒட்டிக்கிட்டு இருக்கு!"

"நடுவுலன்னுதானே சொன்னேன்? சரிபாதின்னா சொன்னேன்?"

ஆளுக்கு இரண்டு லிட்டர் ஊற்றியிருந்தால் சரிபாதி வந்திருக்கும். இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்தும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து இருவரும் விட்டுக்கொடுத்துத்தான் வாழ்கிறோம். யார் வாளி பெரியது என்று மட்டும் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.