ஆறைத் தாண்டிய கணக்கு

என் தங்கையின் கணவர் பேக்கரி வைத்திருக்கிறார். நல்ல மனிதர். செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்கும் ரகம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குள் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"அக்கா, பத்தரையாம்! பொருளாதாரம் பத்தரை சதவீதம் வளருதாம். ஆறைத் தாண்டியாச்சு. இனி உங்க தங்கச்சி பர்மனென்ட்!"

தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் செய்தித்தாள்காரர்கள் மேல்தான் பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். எட்டு வருடமாக அவள் அரசுப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு ஆசிரியை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வேலை போய், பள்ளி திறந்ததும் திரும்ப வரும். இந்த ஆண்டு வளர்ச்சி ஆறு சதவீதத்தைத் தொட்டால் தற்காலிக ஆசிரியர்கள் எல்லோரையும் நிரந்தரமாக்குவோம் என்று நிதியமைச்சர் பட்ஜெட்டில் சொல்லியிருந்தார். நானோ அந்த வளர்ச்சியைக் கணக்கிடும் அலுவலகத்தில் கட்டுமானத் துறைப் பிரிவின் தலைவி. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்காமலேயே என் தட்டில் எல்லாவற்றையும் கொஞ்சம் அதிகமாகப் பரிமாறுவார்கள்.

"மாப்ள, உட்காருங்க. அது யாரோ போட்ட முன்கணிப்பு. அதுவும் அந்தப் பத்தரை வேற, ஆறு வேற."

"ரெண்டும் வளர்ச்சிதானேக்கா?"

"போன வருஷம் ஒரு நாளைக்கு எத்தனை ரொட்டி வித்தீங்க?"

"நூறுன்னு வைங்களேன்."

"விலை?"

"நாப்பது."

"இந்த வருஷம்?"

"நூத்தி நாலு போகுது. விலை நாப்பத்தஞ்சு. மாவு ஏறிப்போச்சு, நான் என்ன பண்றது?"

"உங்களைக் குத்தம் சொல்லல. கல்லாவுல நாலாயிரம் விழுந்த இடத்துல இப்ப நாலாயிரத்து அறுநூத்தி எண்பது விழுது. பதினேழு சதவீதம் ஜாஸ்தி. அதுக்காகப் பதினேழு சதவீதம் ஜாஸ்தியா ரொட்டி சுட்டீங்களா?"

அவர் சிரித்தார். "நாலுதான் ஜாஸ்தி சுட்டேன்."

"அந்தப் பதினேழுதான் பேப்பர்ல வர்ற பத்தரை மாதிரி. இன்னைக்கு விலையில கூட்டினது. நாங்க அதை நாமினல்னு சொல்லுவோம். அமைச்சர் சொன்ன ஆறு, ரொட்டியை எண்றது. போன வருஷ விலையையே வெச்சு இந்த வருஷ ரொட்டிக்கு மதிப்புப் போட்டா நாலாயிரத்து நூத்தி அறுபது. அதுதான் ரியல். நாலு சதவீதம்."

"அப்ப மிச்சம்?"

"மிச்சம் விலை. நாலாயிரத்து அறுநூத்தி எண்பதை நாலாயிரத்து நூத்தி அறுபதால வகுங்க. ஒன்னு புள்ளி ஒன்னு ரெண்டு அஞ்சு. பன்னெண்டரை சதவீதம் விலை ஏத்தம். அதுக்குப் பேர்தான் டிஃப்ளேட்டர்."

"அதைத்தான் டிவியில விலைவாசின்னு சொல்றாங்களா?"

"அது கடையில நீங்க வாங்குற சாமானோட விலை. இது நாட்டுல உற்பத்தியாகுற எல்லாத்தோட விலை. பாலம், முடி வெட்டுற கூலி, ஏற்றுமதிக்குப் போற துணி வரைக்கும். ரெண்டும் ஒரே மாதிரி நகரணும்னு அவசியமில்ல."

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். அவள் கணக்கு டீச்சர், பாதியிலேயே புரிந்துவிட்டது. "ரியல் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டாள்.

"வியாழக்கிழமை."

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். எனக்கோ வாய் நமநமத்தது. ஏனென்றால் வெள்ளிக்கிழமையே எங்கள் கணினியில் முதல் வரைவு வந்துவிட்டது. ரியல் வளர்ச்சி: ஆறு புள்ளி ஒன்று. வெளியிடும் வரை சொந்த நிழலிடம்கூடச் சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கூட்டம் நாங்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் பைத்தியக்காரி மாதிரி தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை கடைசிச் சரிபார்ப்பு. என் பிரிவில் ஒருவரை எல்லோரும் 'தசமம்' என்றுதான் கூப்பிடுவோம். யாராவது 7.25 என்று எழுத வேண்டிய இடத்தில் 7.3 என்று எழுதிவிட்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது. புள்ளிக்குப் பின்னால் அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் கிடையாது.

நான் கட்டுமானத்தை எடுத்தேன். நடப்பு விலையில் பதினைந்து சதவீத வளர்ச்சி. விலை ஏற்றத்தைக் கழித்தபின் பதின்மூன்று புள்ளி ஒன்பது. அப்படியென்றால் கட்டுமானச் செலவு வருடம் முழுக்க ஒரே ஒரு சதவீதம்தான் ஏறியிருக்கிறது. சிமென்ட் ஏறியிருந்தது, மணல் ஏறியிருந்தது, கூலி ஏறியிருந்தது. எல்லாம் எட்டு, ஒன்பது என்று. இத்தனையும் ஏறிய பிறகு மொத்தம் எப்படி ஒன்றில் நிற்கும்?

கம்பிதான் மொத்தத்தையும் கீழே இழுத்திருந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு இருபத்தாறு பங்கு இரும்புக் கம்பி. அதன் விலைக் குறியீடு போன ஆண்டு நூற்று முப்பத்தொன்று, இந்த ஆண்டு நூற்று நான்கு. ஒரே வருடத்தில் இருபது சதவீதச் சரிவு. பக்கத்தில் தசமம் குறிப்பு எழுதியிருந்தார்: 'உலகச் சந்தையில் இரும்பு விலை வீழ்ச்சி.' உலகச் சந்தையில் கொஞ்சம் இறங்கியது உண்மைதான். அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

எனக்கு உறுத்தியது. விலைப் பிரிவுக்குப் போன் போட்டேன். அங்கிருந்த பெண் வெகு சாதாரணமாகச் சொன்னாள்.

"கம்பிக்கு இந்த வருஷம் அடிப்படை ஆண்டை மாத்திட்டோமே மேடம். புது வரிசை நூறுலேர்ந்து ஆரம்பிக்குது. சுற்றறிக்கை வந்திருக்குமே?"

வந்திருந்தது. நூற்று முப்பத்தொன்று பழைய அளவுகோல், நூற்று நான்கு புது அளவுகோல். இரண்டையும் இணைக்கும் காரணியால் பெருக்காமல் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தோம். பெருக்கினால் நூற்று நான்கு, பழைய அளவில் நூற்று முப்பத்தொன்பது ஆகும். கம்பி விலை இறங்கவே இல்லை. ஆறு சதவீதம் ஏறியிருந்தது.

தாளில் போட்டுப் பார்த்தேன். கட்டுமான விலை ஏற்றம் ஒன்றல்ல, எட்டு. கட்டுமானத்தின் ரியல் வளர்ச்சி பதினான்கிலிருந்து ஆறரைக்கு விழுகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் கட்டுமானம் ஒன்பது சதவீதம். ஆறு புள்ளி ஒன்று, ஐந்து புள்ளி நான்காகிறது.

தசமத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் இரண்டு எண்களையும் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"நான்தான் மேடம் ஏத்தினேன். தசமமெல்லாம் சரியா இருந்துச்சு, அதனால..."

"புள்ளிக்குப் பின்னாடியே பாத்துட்டிருந்தா புள்ளிக்கு முன்னாடி யாருய்யா பாக்குறது?"

திட்டிவிட்டேனே தவிர, அவர் ஏற்றிய தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியது நான். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். அவருக்கும் என் தங்கை விஷயம் தெரியும்.

"மேடம், ஒன்னு சொல்லட்டுமா? இது முதல் மதிப்பீடுதான். அடுத்த வருஷம் எப்படியும் திருத்தின மதிப்பீடு வரும். அப்ப சேத்து சரி பண்ணிடலாம். வழக்கமா பண்றதுதானே? எந்த நம்பர்தான் திருத்தாம இருந்திருக்கு?"

அதுதான் கொடுமை. அவர் சொன்னது பொய்யில்லை. முழு விவரம் வரவர நாங்கள் எண்களைத் திருத்துவது வழக்கம். அரைப் புள்ளி திருத்தம் என்றால் யாரும் புருவம்கூட உயர்த்த மாட்டார்கள். அதற்குள் ஆணை போட்டிருப்பார்கள். கொடுத்த நிரந்தர வேலையை எந்த அரசும் திரும்பப் பிடுங்காது. அவள் மட்டுமா, அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர். யாருக்கு நஷ்டம்? இப்படியெல்லாம் மனசு அழகாக வாதாடியது. வக்கீல் வைத்தால்கூட இத்தனை அழகாக வாதாட மாட்டார்கள்.

தசமம் டீ வாங்கப் போனார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத குறையைப் பிறகு திருத்துவதற்குப் பெயர் திருத்தம். தெரிந்தே வைத்துக்கொண்டிருந்தால் அதற்கு என்ன பெயர்? ஒரு முறை ஆறு வேண்டும் என்பதற்காக ஆறைக் கொடுத்துவிட்டால், அடுத்து யாருக்கோ ஏழு வேண்டியிருக்கும். அப்புறம் நாங்கள் எதற்கு, அமைச்சரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாமே. இதெல்லாம் சரியாகத்தான் தோன்றியது. தோன்றியும் கை எழவில்லை. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அந்த முகமே கண்ணில் நின்றது.

டீ வருவதற்குள் இயக்குநர் அறைக் கதவைத் தட்டிவிட்டேன். வந்த பிறகு என்றால் தட்டியிருக்க மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்.

இயக்குநர் தாளை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை.

"நாமினல்?"

"ஒரு காசும் மாறல மேடம். பத்து புள்ளி ஆறு அப்படியே இருக்கு. ரியல்தான் ஆறு ஒன்னுலேர்ந்து அஞ்சு நாலு. மொத்த டிஃப்ளேட்டர் நாலு ரெண்டுலேர்ந்து நாலு ஒன்பது."

"தெருவுல ஒரு செங்கல்லும் கூடல குறையல. நாமதான் தப்பா எண்ணியிருக்கோம்." கையெழுத்துப் போட்டார். "மாத்துங்க."

வியாழக்கிழமை எண் வெளியானது. பாதித் தலைப்புகளில் பத்து புள்ளி ஆறு, பாதியில் ஐந்து புள்ளி நான்கு. மாலையில் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த அஞ்சு நாலு சரியான நம்பர்தானாக்கா?"

"சரியானதுதான். நானே பாத்தேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் நிமிர்ந்தாள்.

"நீ பாத்தியா? நீ பாக்கறதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு?"

"அதைச் சொல்லக்கூடாது."

"ஆறுக்கு மேலயா?"

நான் காப்பியை ஆற்ற ஆரம்பித்தேன். பிறந்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்து வளர்ந்தவள். பதில் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. அடக்கவில்லை.

"ரெண்டு பொண்ணுங்களும் வாசல்லயே காத்துட்டு இருக்கும். நான் போய் என்னக்கா சொல்றது? பெரியம்மா கணக்கைச் சரியா போட்டுட்டாங்க, அதான் அம்மாவுக்குப் பர்மனென்ட் இல்லன்னா?"

"ஆமா," என்றேன். "அப்படித்தான் சொல்லணும்."

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். கோபம் இருந்தது, மறைக்கவில்லை. காப்பியை வாங்கி முழுதாகக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சொல்றேன்," என்றாள். "ஆனா ஞாயித்துக்கிழமை வராதே. கொஞ்ச நாளைக்கு வராதேக்கா."