மடிப்புக்குள் ஒரு வரி

கூரையில் சோலார் போட்டதிலிருந்து கணக்கு வாத்தியார் மாதாமாதம் கரண்ட் பில்லை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினார். மூன்று மாதம், மூன்று பில். நிகர யூனிட் என்ற வரிக்கு எதிரே ஒரு மைனஸ். அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். விடைத்தாளில் இவ்வளவு தாராளமாக அவர் சிவப்பு மையைச் செலவழித்ததில்லை, தப்புக்குத் தவிர.

அவர் மனைவி மாடி அறையில் துணி தைத்தாள். சுவரில் புது ஏசி இருந்தது. ரிமோட் வாத்தியாரின் சட்டைப் பையில் இருந்தது. நேற்று அவள் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு, வாடிக்கையாளரின் வெளிர் நீலத் துணியில் விழுந்தது. ரவிக்கையின் ஒரு கையை மறுபடி வெட்ட வேண்டியதாயிற்று.

"ஏங்க, ரெண்டு மணி நேரம் போட்டுக்கறேனே."

"போட்டா மைனஸ் இளைச்சுடும். நாம கரண்ட் ஆபீஸுக்குக் கொடுக்கறவங்கம்மா. வாங்கறவங்க இல்ல."

"கொடுக்கறவருக்கு அவங்க என்ன தராங்க?"

"மரியாதை."

"மரியாதைய மாட்டி வெச்சா அறை குளிருமா?"

"நான் ஒரு காசு கட்டினேன்னு காட்டு. ரிமோட்ட உன் கையில கொடுத்துடறேன்."

மறுநாள் காலை அவள் ஃபிரிட்ஜைத் திறந்த வேகத்தில் காந்தம் நழுவியது. இந்த மாத பில் தரையில் விழுந்து, வால் லேசாக விரிந்தது. அடிப்பக்கம் உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். அவையும் அப்படியே, இஸ்திரி போட்ட மாதிரி மடிப்பு. ஓரம் மடித்துத் தைப்பது அவள் தொழில். மடிப்புக்குள் எதை மறைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

விரித்தாள். கட்ட வேண்டிய தொகை என்று இருந்தது. சின்னத் தொகைதான். ஆனால் தொகை.

"இது என்னங்க?"

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்தார். "அவங்க தப்பா போட்டிருக்காங்க."

"மூணு மாசமாவா? நீங்களும் போன்ல சத்தமில்லாம கட்டிட்டு வந்தீங்களா?"

"இன்னிக்கே போய்க் கேக்கறேன்."

"நானும் வரேன். உங்களுக்குக் கொடுக்கற மரியாதையப் பாக்கணுமே."

கரண்ட் ஆபீஸில் பில் பிரிவு அம்மா, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"நீங்க எங்ககிட்டேயிருந்து எடுத்தது தொண்ணூத்தாறு யூனிட். எங்களுக்கு அனுப்பினது இருநூத்தி அம்பத்தொண்ணு. மிச்சம் நூத்தி அம்பத்தஞ்சு. பழைய மிச்சத்தோட நானூத்தி பன்னெண்டு. அடுத்த மாசத்துக்கு எடுத்துட்டுப் போவோம். சரியாத்தானே சார் இருக்கு?"

"அப்போ இந்தக் காசு?"

"நிலைக் கட்டணம், மாசாமாசம் எல்லாரும் கட்டறது. ராத்திரி எங்க லைன்லதானே இருக்கீங்க? யூனிட்ட யூனிட்டோடதான் சார் கழிப்போம். கட்டணத்தோட கழிக்க மாட்டோம்."

மனைவி ரிமோட்டுக்கு உள்ளங்கையை நீட்டினாள். வாத்தியார் அந்தக் கையைப் பார்க்காமல் பேச்சை நகர்த்தினார்.

"போகட்டும். இந்த நானூத்தி பன்னெண்டு வருஷா வருஷம் சேந்துகிட்டே போகும் இல்ல?"

"எங்க சார் போகும்? அடுத்த ரீடிங்கோட வருஷக் கணக்கு முடியுது. அதுவரைக்கும் நீங்க எடுக்கறதுல கழிப்போம். மீதி காலாவதி."

"காலாவதின்னா? காசா தருவீங்களா?"

"போச்சுன்னு அர்த்தம் சார். பில்லுலயே போட்டிருக்கே, கடைசி வரில."

கடைசி வரி மடிப்புக்குள் இருந்தது. மனைவியிடமிருந்து மறைத்ததை அவர் தன்னிடமிருந்தும் மறைத்திருந்தார்.

"சார் படிக்கலையா?" என்றார் பில் பிரிவு அம்மா.

"அவர் வாத்தியாருங்க" என்றாள் மனைவி. "படிக்கச் சொல்றதுதான் அவர் வேலை."

வீட்டுக்கு வந்ததும் வாத்தியார் பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டார். பிறகு மாடியேறி, தையல் மெஷின் மேல் ரிமோட்டை வைத்தார்.

"ஒரு மணிக்கு ஒண்ணரை யூனிட் இழுக்கும். முப்பது நாள் இருக்கு. பழைய மிச்சத்த முடிக்கவே தினம் ஒம்பது மணி நேரம் போடணும்."

"நான் தைக்கறது ஆறு மணி நேரம்."

"மிச்ச மூணு?"

"யோசிங்க. கணக்கு உங்க பாடம்."

நான்காம் நாள் அவள் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். படிகளில் தடதடவென்று சத்தம்.

"ஏம்மா அணைச்சே? எல்லாம் வீணா போகுதே!"

"குளிருதுங்க."

"ஸ்வெட்டர் போட்டுக்கயேன்."

அவள் ரிமோட்டை அளவு நாடாவோடு சேர்த்துச் சுருட்டி, நூல்கண்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். வாத்தியார் பெட்டியைப் பார்த்தார். கீழே கட்டுக்கட்டாக விடைத்தாள் கிடந்தது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"நான் இங்க உக்காந்து திருத்தறேனே" என்றார். "ரெண்டு மணி நேரம் போட்டுக்கறேன்."

அவள் ஊசியில் நூல் கோத்தாள்.

"பாக்கலாம்" என்றாள்.